திசைவேக வரைபடம் அச்சுக்குக் கீழே இறங்கினால்: மொத்தத் தூரமும் இடப்பெயர்ச்சியும் கணக்கிடும் முறை

சாதாரண நிலைத் தேர்வுக்குக் கூடுதல் கணிதம் எடுக்கும் மாணவர்களுக்கும், வீட்டில் அவர்களுக்குச் சொல்லித் தரும் பெற்றோருக்கும், வேறு பாடத்திட்டத்திலிருந்து சிங்கப்பூர்ப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இந்தக் கட்டுரை. தொகையிடத் தெரிந்த மாணவர்கள்கூட ஓரிடத்தில் தொடர்ந்து மதிப்பெண் இழக்கிறார்கள். v–t வரைபடம் கால அச்சுக்குக் கீழே இறங்கி, கேள்வி மொத்தத் தூரத்தைக் கேட்கும் இடம் அது. தொகையீட்டில் பிழை இருக்காது. விடை மட்டும் தவறாக இருக்கும். கணிப்பான் எந்த எச்சரிக்கையும் தராது என்பதால், பிழை நடந்ததே தெரியாமல் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

வேண்டியவை கொஞ்சம்தான்: v-க்கான சமன்பாடு அல்லது வரைபடம், தொடக்க நேரம், முடிவு நேரம், தொடக்கத்தில் பொருள் எங்கே இருந்தது என்ற தகவல். இந்த நான்கையும் கேள்வித்தாளிலேயே அடிக்கோடிட்டுவிட்டுத் தொடங்குங்கள். நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதன் விளைவைப் படி 5-இல் பார்க்கலாம்.

படி 1: எதைக் கேட்கிறார்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

உங்கள் வீவக புளோக்கின் லிஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது 5ஆம் மாடியில் நிற்கிறது. மேலே ஏறி 9ஆம் மாடிக்குப் போகிறது. பிறகு இறங்கி 1ஆம் மாடிக்கு வருகிறது. ஏறியது 4 மாடி, இறங்கியது 8 மாடி. கம்பிவடம் இழுத்த மொத்தத் தூரம் 12 மாடி. ஆனால் தொடங்கிய இடத்தையும் முடிந்த இடத்தையும் மட்டும் பார்த்தால், லிஃப்ட் 4 மாடி கீழே வந்திருக்கிறது. மேல்நோக்கிய திசையை நேர்மமாகக் கொண்டால் இடப்பெயர்ச்சி −4.

இந்தப் பயணத்துக்கு v–t வரைபடம் வரைந்தால், ஏறும்போது கோடு அச்சுக்கு மேலே ஒரு மேடாக இருக்கும். இறங்கும்போது அச்சுக்குக் கீழே ஒரு பள்ளமாக இருக்கும். மேட்டின் பரப்பு 4, பள்ளத்தின் பரப்பு 8. தொகையீடு மேலே உள்ளதைக் கூட்டி, கீழே உள்ளதைக் கழிக்கும்: 4 − 8 = −4. அதாவது தொகையீடு தானாகத் தருவது இடப்பெயர்ச்சி. மொத்தத் தூரம் வேண்டுமென்றால் 4 + 8 என்று நாம்தான் கூட்ட வேண்டும்.

கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருப்பதால் அதிலுள்ள சொற்களைப் பிரித்தறியப் பழகுங்கள். ‘டிஸ்ப்ளேஸ்மென்ட்’ என்றால் குறியோடு கூடிய இடப்பெயர்ச்சி. ‘டோட்டல் டிஸ்டன்ஸ் டிராவல்ட்’ என்றால் கடந்த மொத்தத் தூரம். பொறி இருப்பது மூன்றாவது தொடரில்: ‘டிஸ்டன்ஸ் ஃப்ரம் ஓ’. இதிலும் ‘டிஸ்டன்ஸ்’ என்ற சொல் வருகிறது, ஆனால் இது கடந்த தூரம் அல்ல. அந்த நேரத்தில் பொருள் O என்று குறித்த நிலையான புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே கேள்வி. லிஃப்ட் 1ஆம் மாடியில் நிற்கும்போது, தொடங்கிய இடத்திலிருந்து 4 மாடி தள்ளி நிற்கிறது. அது 12 மாடி பயணம் செய்தது என்ற செய்திக்கு அங்கே வேலையே இல்லை.

‘ஆவரேஜ் ஸ்பீட்’ என்று கேட்டாலும் அதற்குள் மொத்தத் தூரம் ஒளிந்திருக்கிறது. சராசரி வேகம் என்பது மொத்தத் தூரத்தை நேரத்தால் வகுப்பது. சராசரித் திசைவேகம் என்பது இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுப்பது.

படி 2: திரும்பும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

கட்டுரை முழுவதும் ஒரே கணக்கை வைத்துக்கொள்வோம். ஒரு துகள் நேர்கோட்டில் நகர்கிறது. t = 0 ஆக இருக்கும்போது அது O என்ற புள்ளியில் இருக்கிறது. அதன் திசைவேகம்

v = 3t² − 18t + 15

t விநாடியிலும் v மீட்டர்/விநாடியிலும் உள்ளன. t = 0 முதல் t = 6 வரை கடந்த மொத்தத் தூரம் என்ன, இடப்பெயர்ச்சி என்ன?

துகள் திரும்ப வேண்டுமானால் ஒரு கணம் நிற்க வேண்டும். ஆகவே v = 0 என்று வையுங்கள்.

3(t − 1)(t − 5) = 0, ஆகவே t = 1, t = 5.

இரண்டும் 0-க்கும் 6-க்கும் இடையில் இருப்பதால் இரண்டும் தேவை. கேள்வி t = 4 வரை மட்டும் கேட்டிருந்தால் t = 5-ஐ ஒதுக்கிவிட வேண்டும். கிடைத்த தீர்வை எல்லாம் கண்மூடிக் கணக்கில் சேர்ப்பவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

அடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் v-யின் குறியைச் சோதியுங்கள். t = 0 எனில் v = 15, நேர்மம். t = 3 எனில் v = 27 − 54 + 15 = −12, எதிர்மம். t = 6 எனில் v = 108 − 108 + 15 = 15, மீண்டும் நேர்மம். ஆக, முதல் விநாடியில் முன்னோக்கி, அடுத்த நான்கு விநாடிகள் பின்னோக்கி, கடைசி விநாடியில் மறுபடி முன்னோக்கி.

இந்தக் குறிச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். v = 0 ஆகும் இடமெல்லாம் திரும்பும் இடம் அல்ல. லிஃப்ட் 9ஆம் மாடியிலிருந்து இறங்கும் வழியில் 6ஆம் மாடியில் யாரையோ ஏற்றிக்கொள்ள நிற்கிறது. அப்போது v = 0. ஆனால் கதவு மூடியதும் அது தொடர்ந்து கீழேதான் போகிறது. வரைபடம் அச்சைத் தொட்டது, வெட்டவில்லை. v = 3(t − 2)² என்ற சமன்பாட்டிலும் இதுதான் நடக்கிறது. t = 2-இல் துகள் நிற்கிறது, ஆனால் அதற்கு முன்னும் பின்னும் v நேர்மம். அங்கே திருப்பம் இல்லை, தூரமும் இடப்பெயர்ச்சியும் ஒன்றே. அந்த இடத்தில் பிரித்துக் கணக்கிட்டாலும் விடை கெடாது, நேரம்தான் வீணாகும். ஆனால் ‘திசை மாறும் நேரம் எது’ என்று தனியாகக் கேட்டால் t = 2 என்ற விடை தவறு.

இன்னொரு குழப்பம் இதைவிட மோசமானது. வரைபடத்தின் பள்ளத்தில் மிகத் தாழ்ந்த புள்ளியைப் பார்த்ததும், அங்கேதான் துகள் திரும்புகிறது என்று கண் நம்பிவிடுகிறது. நம் வரைபடத்தில் அது t = 3, v = −12. அங்கே பூச்சியமாக இருப்பது முடுக்கம், திசைவேகம் அல்ல. அந்தக் கணத்தில் துகள் பின்னோக்கிய ஓட்டத்தின் உச்ச வேகத்தில் இருக்கிறது, திரும்பும் எண்ணமே அதற்கு இல்லை. v-ஐ வகையிட்டு dv/dt = 0 என்று வைத்துத் t = 3-இல் பயணத்தைப் பிரித்தவர்களுக்கு என்ன விடை வரும் என்பதைக் கீழே காட்டுகிறேன்.

படி 3: ஒவ்வொரு முக்கிய நேரத்திலும் துகள் எங்கே என்று எழுதுங்கள்

v-ஐத் தொகையிட்டால்

s = t³ − 9t² + 15t + c

t = 0-இல் துகள் O-வில் இருந்ததால் c = 0. இந்த ஒரு வரியை விடைத்தாளில் எழுதிக் காட்டுங்கள்.

இனி தொடக்கம், திருப்பம், திருப்பம், முடிவு ஆகிய நான்கு நேரங்களுக்கு மட்டும் s-ஐக் கண்டுபிடிக்க வேண்டும்:

- t = 0: s = 0
- t = 1: s = 1 − 9 + 15 = 7
- t = 5: s = 125 − 225 + 75 = −25
- t = 6: s = 216 − 324 + 90 = −18

இந்த நான்கு எண்களையும் லிஃப்ட்டுக்கு மேலே ஒளிரும் மாடி எண்களைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். அவை துகள் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கின்றன, எவ்வளவு நகர்ந்தது என்பதைச் சொல்வதில்லை. நகர்ந்த தூரம் அடுத்தடுத்த இரண்டு எண்களின் வித்தியாசம்.

0-விலிருந்து 7 வரை: 7 மீட்டர்.
7-லிருந்து −25 வரை: 7 + 25 = 32 மீட்டர்.
−25-லிருந்து −18 வரை: 7 மீட்டர்.

மொத்தத் தூரம் 7 + 32 + 7 = 46 மீட்டர். இடப்பெயர்ச்சி −18 மீட்டர். சராசரி வேகம் 46 ÷ 6 = 7.67 மீட்டர்/விநாடி. சராசரித் திசைவேகம் −18 ÷ 6 = −3 மீட்டர்/விநாடி.

விடைத்தாளின் ஓரத்தில் சிறிய கிடைக்கோடு ஒன்று போட்டு, அதில் −25, −18, 0, 7 ஆகியவற்றைக் குறித்து, அம்புக்குறியால் பயணத்தை வரைந்து பாருங்கள். 20 விநாடிகூட ஆகாது. 7-லிருந்து −25-க்குப் போகும் அம்பு O-வைக் கடந்து நீளமாகச் செல்வது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அந்த 32-ஐ 25 என்றோ 18 என்றோ எழுதும் பிழையை இந்தக் கோடு தடுத்துவிடும்.

இப்போது தவறான விடைகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். உங்கள் பிள்ளையின் விடைத்தாளில் 46-க்குப் பதிலாக வேறு எண் இருந்தால், அந்த எண்ணே பிழை எது என்று காட்டிக்கொடுக்கும்.

18 என்று வந்திருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, 0 முதல் 6 வரை ஒரேயடியாகத் தொகையிட்டு −18 என்று பெற்று, ‘தூரம் எதிர்மமாக இருக்காதே’ என்று கழித்தல் குறியை அழித்திருப்பார்கள். குறியை அழித்தாலும் உள்ளே நடந்த கழித்தல் அழியாது. முன்னும் பின்னும் ஓடிய தூரங்கள் ஏற்கெனவே ஒன்றையொன்று தின்றுவிட்டன. மற்றொன்று, படி 2-இல் சொன்ன t = 3 பிழை. s(3) = 27 − 81 + 45 = −9. ஆகவே 0-விலிருந்து −9 வரை 9, −9-லிருந்து −18 வரை 9, கூட்டினால் அதே 18. இரண்டு வெவ்வேறு தவறான வழிகள் ஒரே எண்ணைத் தருவதால், நண்பரின் விடையும் உங்கள் விடையும் பொருந்திவிட்டது என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

50 என்று வந்திருந்தால் 7 + 25 + 18 என்று இடங்களையே கூட்டியிருக்கிறார்கள். மாடி எண்களைக் கூட்டுவதைப் போன்றது அது. 39 என்று வந்திருந்தால் t = 5-இல் நிறுத்திவிட்டார்கள், கடைசி விநாடியின் 7 மீட்டர் விடுபட்டுவிட்டது.

படி 4: பரப்பை வைத்துச் சரிபாருங்கள்

முறை படி 3-உடன் முடிந்துவிட்டது. ஆனாலும் v இருபடிச் சமன்பாடாக இருக்கும்போது ஒரு விரைவான சோதனை இருக்கிறது, விட்டுவிட மனமில்லை. அச்சுக்கும் பரவளையத்துக்கும் இடையில் முழுவதும் அடைபட்ட பள்ளத்தின் பரப்பு, அகலம் × ஆழம் × 2/3. நம் பள்ளம் t = 1 முதல் t = 5 வரை, அகலம் 4. ஆழம் 12. ஆகவே 4 × 12 × 2/3 = 32. படி 3-இல் வந்த 32-உடன் பொருந்துகிறது. இந்தச் சூத்திரம் இரு முனைகளும் அச்சில் முடியும் பள்ளத்துக்கோ மேட்டுக்கோ மட்டும்தான். 0 முதல் 1 வரை உள்ள துண்டுக்குப் பொருந்தாது. இது சரிபார்க்க மட்டும். விடைக்கான வழிமுறையாகத் தொகையீட்டையே எழுதுங்கள், ஏனென்றால் தேவையான செய்முறையைக் காட்டாவிட்டால் மதிப்பெண் போகும் என்று பாடத்திட்டமே எச்சரிக்கிறது.

எந்தக் கணக்குக்கும் பொருந்தும் இன்னொரு சோதனை: மொத்தத் தூரம் இடப்பெயர்ச்சியின் அளவைவிடக் குறைவாக ஒருபோதும் இருக்க முடியாது. இரண்டும் சமமாக வந்தால் துகள் வழியில் திரும்பவே இல்லை என்று பொருள். குறிச் சோதனையில் திருப்பம் இருப்பது தெரிந்தும் இரண்டும் சமமாக வந்திருந்தால், எங்கோ கழித்தல் நடந்துவிட்டது.

படி 5: தொடக்கப் புள்ளி O இல்லையென்றால்

அதே v, அதே 6 விநாடி. ஆனால் t = 0-இல் துகள் O-விலிருந்து நேர்மத் திசையில் 10 மீட்டர் தள்ளி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது c = 10. நான்கு இடங்களும் 10 கூடி 10, 17, −15, −8 ஆகின்றன.

மொத்தத் தூரம் மாறுகிறதா? 7 + 32 + 7, அதே 46. தொடங்கிய இடத்திலிருந்து இடப்பெயர்ச்சி −8 − 10 = −18, அதுவும் மாறவில்லை. ஆனால் t = 6-இல் O-விலிருந்து இடப்பெயர்ச்சி −8. ‘டிஸ்ப்ளேஸ்மென்ட் ஃப்ரம் ஓ’ என்று கேட்டால் −8 எழுத வேண்டும், −18 அல்ல.

‘O-விலிருந்து மிக அதிகத் தொலைவு’ என்று கேட்டால் வித்தியாசம் இன்னும் கூர்மையாகும். O-வில் தொடங்கிய முதல் கணக்கில் அது 25 மீட்டர், t = 5-இல். 10-இல் தொடங்கும் கணக்கில் 17 மீட்டர், t = 1-இல். c-ஐ மறந்தவர்கள் எண்ணை மட்டுமல்ல, நேரத்தையும் தவறாக எழுதுவார்கள். இந்தக் கேள்விக்குத் திருப்பங்களோடு தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்து ஒப்பிட வேண்டும், ஏனென்றால் மிகத் தொலைவான இடம் முடிவிலும் இருக்கலாம்.

படி 6: சமன்பாடு இல்லாமல் நேர்கோட்டு வரைபடம் மட்டும் தந்தால்

ஆய்வகத்தில் சாய்வுப் பாதையில் ஒரு தள்ளுவண்டியை மேல்நோக்கித் தள்ளிவிடுகிறார்கள். தொடக்கத்தில் அது மேல்நோக்கி 60 செ.மீ./விநாடி வேகத்தில் செல்கிறது. 5 விநாடி கழித்துக் கீழ்நோக்கி 40 செ.மீ./விநாடி வேகத்தில் வருகிறது. v–t வரைபடம் (0, 60)-லிருந்து (5, −40) வரை ஒரே நேர்கோடு.

முதலில் கோடு அச்சை வெட்டும் நேரம் வேண்டும். சாய்வு (−40 − 60) ÷ 5 = −20. 60-லிருந்து விநாடிக்கு 20 குறைந்தால் 3 விநாடியில் பூச்சியம். வடிவொத்த முக்கோணங்களாலும் இதைப் பெறலாம்: 60-க்கு 40 என்றால் 3-க்கு 2, ஆகவே 5 விநாடி 3 ஆகவும் 2 ஆகவும் பிரிகிறது. வரைபடத்தைக் கண்ணால் பார்த்து ‘நடுவில் 2.5’ என்று எழுதிவிடாதீர்கள்.

மேல் முக்கோணம்: ½ × 3 × 60 = 90 செ.மீ. கீழ் முக்கோணம்: ½ × 2 × 40 = 40 செ.மீ. மொத்தத் தூரம் 130 செ.மீ. இடப்பெயர்ச்சி 90 − 40 = 50 செ.மீ., தொடங்கிய இடத்துக்கு மேலே.

இங்கே சரிவகச் சூத்திரம் ஒரு பொறி. ½ × (60 + 40) × 5 என்று போட்டால் 250 வரும். வண்டி 250 செ.மீ. ஓடவே இல்லை. பக்கங்களைக் குறியோடு எடுத்து ½ × (60 − 40) × 5 என்று போட்டால் 50 வரும். அது சரியான இடப்பெயர்ச்சிதான், தூரம் அல்ல. கோடு அச்சைக் கடக்கும் இடத்தில் அந்த உருவம் சரிவகமே அல்ல, முனையில் ஒட்டிக்கொண்ட இரண்டு முக்கோணங்கள். தூரம் வேண்டுமென்றால் அச்சில் வெட்டித்தான் ஆக வேண்டும்.

இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு சொல். பாதையில் உராய்வு இருந்தால் ஏறும்போதும் இறங்கும்போதும் சாய்வு ஒன்றாக இருக்காது. ஏறும்போது ஈர்ப்பும் உராய்வும் சேர்ந்து வண்டியை இழுப்பதால் கோடு செங்குத்தாகச் சரியும். இறங்கும்போது உராய்வு ஈர்ப்புக்கு எதிராக நிற்பதால் கோடு சற்றுப் படுத்திருக்கும். உணரி வரைந்த வரைபடத்தில் அச்சை வெட்டும் இடத்தில் கோடு மடங்கியிருந்தால் கருவியில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். அப்போது ஒரே நேர்கோடாகப் பாவிக்காமல் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிச் சாய்வு எடுங்கள்.

படி 7: விநாடி விநாடியாகக் கூட்டுவதை நம்பாதீர்கள்

சிலர் t = 0, 1, 2, 3 என்று ஒவ்வொரு விநாடிக்கும் s-ஐக் கண்டுபிடித்து வித்தியாசங்களைக் கூட்டுவார்கள். நம் முதல் கணக்கில் இதுவும் 46 தந்துவிடும், ஏனென்றால் திருப்பங்கள் 1, 5 என்ற முழு எண்களில் இருந்தன. அது தற்செயல்.

v = 2t − 5 என்ற துகளை O-விலிருந்து 4 விநாடி ஓட விடுங்கள். s = t² − 5t. விநாடிக் கணக்கில் இடங்கள் 0, −4, −6, −6, −4. வித்தியாசங்கள் 4, 2, 0, 2. கூட்டினால் 8 மீட்டர். மூன்றாவது விநாடியில் துகள் நகரவே இல்லை என்று அட்டவணை சொல்கிறது. உண்மையில் அது t = 2.5-இல் −6.25 வரை போய்த் திரும்பி வந்திருக்கிறது. சரியான விடை 6.25 + 2.25 = 8.5 மீட்டர். விடுபட்ட அரை மீட்டர் அந்த ‘நகராத’ விநாடிக்குள் இருக்கிறது.

இதோடு ஒட்டிய சொல் சிக்கல் ஒன்று: ‘மூன்றாவது விநாடியில் கடந்த தூரம்’ என்றால் t = 2 முதல் t = 3 வரை. t = 3 முதல் 4 வரை அல்ல, ‘முதல் மூன்று விநாடிகளில்’ என்பதும் அல்ல. v = 2t − 5-க்கு அந்த ஒரு விநாடியின் இடப்பெயர்ச்சி 0, தூரம் 0.25 + 0.25 = 0.5 மீட்டர்.

படி 8: நேரம், விடைத்தாள், கணிப்பான்

சாதாரண நிலைக் கூடுதல் கணிதத்தில் (பாடக் குறியீடு 4049) இரண்டு தாள்கள். ஒவ்வொன்றும் 2 மணி 15 நிமிடம், 90 மதிப்பெண். மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம் என்று வகுத்துக்கொள்ளலாம். 4 மதிப்பெண் உள்ள தூரக் கேள்விக்கு 6 நிமிடம் கிடைக்கும். மேலே செய்த கணக்கைக் கிடைக்கோட்டோடு அதற்குள் முடித்துவிடலாம்.

தாளில் கட்டாயம் தெரிய வேண்டியவை: v = 0 என்ற வரியும் அதன் தீர்வுகளும், c-ஐக் கண்டுபிடித்த வரி, ஒவ்வொரு முக்கிய நேரத்திலும் s, பிறகு கூட்டல். துல்லியமாக வராத விடையை, வேறு துல்லியம் கேட்கப்படாவிட்டால், 3 பொருளுறு இலக்கங்களுக்குத் தர வேண்டும். இடையில் வரும் எண்களை முன்கூட்டியே சுருக்கினால் கடைசி இலக்கம் தப்பிவிடும்.

v-யில் sin, cos வந்தால் கணிப்பானை ரேடியனுக்கு மாற்றுங்கள். உதாரணமாக v = 6 cos 2t, O-வில் தொடங்கி 2 விநாடி. s = 3 sin 2t. cos 2t = 0 ஆவது t = π/4-இல், அதாவது 0.785 விநாடியில். அடுத்தது 3π/4 = 2.36, அது 2-ஐத் தாண்டிவிட்டதால் வேண்டாம். s(π/4) = 3. s(2) = 3 sin 4 = −2.27. மொத்தத் தூரம் 3 + 5.27 = 8.27 மீட்டர். கணிப்பான் பாகையில் இருந்தால் 3 sin 4 என்பது 0.209 என்று வரும், மொத்தம் 5.79 ஆகிவிடும். அந்த விடை பார்ப்பதற்கு நம்பும்படியாகவே இருக்கும். ஆனால் t = 2-இல் 2t = 4 ரேடியன், அது π-ஐத் தாண்டியது. அங்கே sin எதிர்மமாகத்தான் இருக்க முடியும். நேர்ம எண் திரையில் தெரிந்தால் பாகை–ரேடியன் அமைப்பைப் பாருங்கள்.

தொடக்கக் கல்லூரியில் எச்2 கணிதம் எடுப்பவர்களுக்கு வரைபடக் கணிப்பான் அனுமதி உண்டு. TI-84 Plus வைத்திருந்தால், சமன்பாட்டை Y1-இல் இட்டுவிட்டு இந்த இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டிப் பாருங்கள்:

```
fnInt(Y1,X,0,6)
fnInt(abs(Y1),X,0,6)
```

முதலாவது இடப்பெயர்ச்சி, நம் கணக்குக்கு −18. இரண்டாவது மொத்தத் தூரம், 46. abs( இருக்க வேண்டிய இடம் அடைப்புக்குள்ளே, Y1-ஐச் சுற்றி. அதை வெளியே எடுத்து abs(fnInt(Y1,X,0,6)) என்று தட்டினால், தொகையிட்ட பிறகு குறியை அழிக்கும் அதே பழைய பிழை. திரையில் 18 தெரியும்.

abs( போட்ட வரைபடம் அச்சைத் தொடும் இடங்களில் கூராக மடிவதால், கணிப்பான் எண்முறையில் தொகையிடும்போது கடைசி இலக்கங்களில் சிறு பிசிறு வரலாம். 46-க்குப் பதிலாக அதை ஒட்டிய தசம எண் தெரிந்தால் 0 முதல் 1, 1 முதல் 5, 5 முதல் 6 என்று மூன்றாகப் பிரித்துத் தட்டுங்கள். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் மடிப்பு இல்லாததால் 7, 32, 7 என்று கிடைத்துவிடும்.